எண்பத்து நான்கு லட்சத்தில் ஒருத்தி

தேனி,
3.10.1974

அன்புள்ள விமலாவுக்கு,

ஞானபாக்கியம் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நலம். முழங்கால் மட்டும் படியேற மறுக்கிறது. உன் சுகமும் உன் வீட்டுக்காரர் சுகமும் அறிய ஆவல்.

இத்துடன் உங்கள் மஞ்சள் அட்டையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வருஷம் தவறாமல் வருகிறது. இது ஆறாவது. 'தெரிந்தோ தெரியாமலோ, மனத்தாலும் சொல்லாலும் உடலாலும் தங்களைப் புண்படுத்தியிருந்தால் மன்னிக்க வேண்டுகிறோம்' என்று சிவப்பு மையில் அச்சடித்திருக்கிறது. முகவரியில் 'திருமதி சுந்தர்ராஜ், குடும்பத்தார்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஆதித்தன் கோயமுத்தூரில் வேலையாக இருக்கிறான். அவன் அப்பா கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். குடும்பத்தார் என்பது நான் ஒருத்திதான். அந்த ஒருத்தி கேட்கிறேன்: எதற்கு மன்னிப்பு?

மதுரை கான்வென்டில் சனிக்கிழமைதோறும் மற்றப் பெண்கள் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்பார்கள். புராட்டஸ்டண்டு என்பதால் நானும் ஜைனப் பெண் என்பதால் நீயும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். மதர் பெர்னதெத் வரிசையைப் பார்த்துச் சொல்வார்களே, நினைவிருக்கிறதா? 'பொதுவாகப் பாவம் செய்தேன் என்பவள் ஒன்றுமே சொல்லவில்லை. செய்ததைப் பெயர் சொல்.' நான் அந்த மதத்தில் சேரவில்லை. அந்தப் பேச்சை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பெயர் சொல்லி எழுது. இல்லையென்றால் அட்டை அனுப்புவதை நிறுத்திவிடு.

இப்படிக்கு,
ஞானபாக்கியம் சுந்தர்ராஜ்


மட்டாஞ்சேரி,
20.10.1974

அன்புள்ள ஞானம் அக்காவுக்கு,

ஜெய் ஜினேந்திர. விமலாவின் பணிவான வணக்கங்கள். இங்கே எல்லோரும் சுகம். இவருக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது. உங்கள் முழங்காலுக்கு ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், கம்பத்துக்கு ஏலக்காய் விஷயமாகப் போகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

உறையின்மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் சற்று நேரம் வைத்திருந்தேன். எழுத்து மாறவே இல்லை. என் எழுத்து மாறிவிட்டது. தமிழ் எழுதி வருஷக்கணக்காகிறது. பிழையிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

அட்டையைக் கடைக் குமாஸ்தா அனுப்புகிறார். எங்கள் பர்யூஷணப் பண்டிகையின் கடைசி நாள் சம்வத்சரி. அன்றோடு எங்கள் வருஷத்துக் கணக்கு முடிகிறது. அதன்பின் தெரிந்தவர் எல்லோரிடமும் 'மிச்சாமி துக்கடம்' சொல்வோம். 'நான் செய்த தீங்கு பலனற்றுப் போகட்டும்' என்று அர்த்தம். பக்கத்தில் இருப்பவர்களிடம் நேரில் போய்ச் சொல்வோம், தூரத்தில் இருப்பவர்களுக்கு எழுதுவோம். இப்போது எழுதுவதற்குப் பதில் அச்சடிக்கிறார்கள். உங்களுக்கு நான் கையால் எழுதியிருக்க வேண்டும். அது என் தவறு.

எதற்கு என்று கேட்காதீர்கள், அக்கா. 'சரி' என்று ஒரு வரி போட்டால் போதும்.

உங்கள் அன்புள்ள,
விமலா


தேனி,
8.11.1974

அன்புள்ள விமலாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். தைலம் வந்தது. நல்ல வாசனை. வலி அப்படியேதான் இருக்கிறது.

ஒரு வரி கேட்டிருக்கிறாய். என்னால் போட முடியாது. நீ பெயர் சொல்லவில்லை, ஆகவே நான் சொல்கிறேன்.

அறுபத்தெட்டு செப்டம்பரில் என் வீட்டுக்காரர் கடையில் உட்கார்ந்தபடியே மாரடைத்துப் போனார். நீ அப்போது போடியில்தான் இருந்தாய். தேனிக்கும் போடிக்கும் அரைமணி நேரப் பஸ். தந்தி கொடுத்தோம். காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள்கூட வந்து நின்றார்கள். நீ வரவில்லை. அடுத்த மாதம் ஆதித்தனின் நிச்சயதார்த்தத்தைத் துக்கத்தோடு சுருக்கமாக நடத்தினேன். அதற்கும் வரவில்லை. அடுத்த வருஷம் மஞ்சள் அட்டை வந்தது.

உனக்கு நான் என்ன குறை வைத்தேன்? நல்லதுதான் செய்தேன். உன் வீட்டார் யாருக்கும் தெரிந்திருக்காது, ஆகையால் சொல்கிறேன். அந்த நிச்சயதார்த்தத்துக்கு உன்னை நேரில் அழைக்க, அவர் இறப்பதற்கு முந்தின மாதம், பிள்ளையார் சதுர்த்தியன்று சாயங்காலம் போடிக்கு வந்தேன். உன் வீட்டில் விளக்கில்லை. கொல்லைப்படியில் வேலைக்காரி பவுனு உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாரும் சாமி கும்பிடப் போயிருக்காகம்மா. வர ராத்திரியாகும். பெரியம்மா மட்டும் உள்ள இருக்காக."

உள்ளே உன் மாமியார் கம்பளித் துண்டின்மேல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். மடித்த வெள்ளைத் துணியொன்று வாய்க்கு நேராகக் கையில் இருந்தது. கண் பாதி மூடியிருந்தது. துணிக்குப் பின்னால் உதடு அசைவதும் நிற்பதுமாக இருந்தது. பெயர் சொல்லி அழைத்தேன். தோளைத் தொட்டு அழைத்தேன். பதில் இல்லை. உதடு வெடித்து வெள்ளையாக இருந்தது. எட்டு நாளாகச் சாப்பாடில்லை என்றாள் பவுனு.

"தண்ணீராவது குடித்தார்களா?"

"பொழுதடைஞ்சா தண்ணியும் கிடையாதும்மா. இனி விடிஞ்சாத்தேன்."

அடுக்களையில் குடிதண்ணீர்ப் பாத்திரங்களை எல்லாம் கவிழ்த்து வைத்திருந்தீர்கள். சாகக் கிடக்கிற மனுஷிக்கு ஒரு வாய் தண்ணீர் வைக்காமல் சாமி கும்பிடப் போயிருக்கிறீர்கள்! பவுனு தனக்கென்று கொல்லையில் வைத்திருந்த மண்பானையிலிருந்து ஒரு தம்ளர் மொண்டு வந்தேன். அவள் குறுக்கே வந்து நின்றாள்.

"ஆத்தாடி, வேணாம்மா! பெரியம்மா விரதம். தெரிஞ்சா என்னைத் தொலைச்சிருவாக."

"நான் சொன்னேன் என்று சொல்."

"நீங்க பஸ்ஸேறிப் போயிருவீக. நான்ல இங்கன கிடந்து அனுபவிக்கணும்."

அவளை ஒதுக்கிவிட்டு அந்தத் துணியை எடுத்தேன். மருந்துக்குப் பிள்ளைகள் செய்வதுபோல் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினார்கள். என் மாமியாரைப் படுக்கையில் வைத்துப் பார்த்தவள் நான், எனக்குப் பழக்கம். இடது கையால் தாடையைப் பிடித்து, வலது கையால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். இரண்டு மடக்கு இறங்கியது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. உயிர் திரும்புகிறது என்று கர்த்தருக்கு நன்றி சொன்னேன். முகத்தைத் துடைத்துவிட்டு, அழைப்பைப் பவுனுவிடம் சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு வந்தேன்.

சிறியரில் ஒருவனுக்கு ஒரு கலசம் தண்ணீர் கொடுத்தவன் பலனை அடையாமல் போகான் என்று எங்கள் வேதத்தில் இருக்கிறது. எனக்குக் கிடைத்த பலன் மஞ்சள் அட்டை.

அப்படி ராத்திரிவரை என்னதான் கும்பிட்டீர்கள் என்பதையாவது எழுது.

இப்படிக்கு,
ஞானபாக்கியம்


மட்டாஞ்சேரி,
19.1.1975

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெய் ஜினேந்திர. உங்களுக்கும் ஆதித்தன் குடும்பத்துக்கும் புத்தாண்டு வாழ்த்துக்கள். பிந்தி எழுதுவதற்குக் கோபிக்கக்கூடாது. இவருக்குக் காலில் ஒரு புண் வந்து ஆறியது. அதுதான் காரணம் என்று சொன்னால் முழு உண்மையாகாது.

உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதுகிறேன்.

சம்வத்சரி மாலை நாங்கள் செய்வது பிரதிக்கிரமணம். வழி தவறிப் போனவர் திரும்பி வருவது என்று பொருள். தினமும் செய்பவர்கள் உண்டு. பதினைந்து நாளுக்கொன்று, நான்கு மாதத்துக்கொன்று, வருஷத்துக்கொன்று என்று பெரியவை உண்டு. வருஷத்தினுடையதுதான் நீளம். போடியில் எங்களுக்கு மண்டபம் இல்லாததால் ஏலக்காய் மண்டியின் மாடியைக் கழுவிவிட்டு அங்கே கூடுவோம். சூரியன் இறங்கும்போது ஆரம்பிக்கும். விளக்கு போடமாட்டோம், நெருப்பிலும் உயிர் இருக்கிறது. கம்பளித் துண்டு விரித்து உட்காருவோம். பேசும்போது மூச்சுக் காற்றில் சின்ன உயிர்கள் அடிபடாதிருக்க வாய்க்கு முன்னால் மடித்த துணி. அதற்கு முகபத்தி என்று பெயர். உட்காரும் இடத்தைத் துடைக்கக் கம்பளி நூல் கட்டிய சிறு துடைப்பம்.

ஒருவர் உரக்கச் சொல்ல மற்றவர்கள் கேட்போம். வருஷத்தில் செய்திருக்கக்கூடிய தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்வார். நீங்கள் கேட்கிற மாதிரி பெயர் சொல்லித்தான், அக்கா. பொய் எடை, பிறர் ரகசியத்தை வெளியே சொன்னது, மாட்டுக்குப் பாரம் அதிகம் ஏற்றியது, வடிகட்டாத தண்ணீரைப் புழங்கியது. ஒவ்வொரு பகுதி முடிவிலும் எல்லோரும் மிச்சாமி துக்கடம் சொல்வோம்.

பிறகு உயிர்களின் வரிசை வரும். மண்ணையே உடலாகக் கொண்டவை ஏழு லட்சம் வகை, தண்ணீரை உடலாகக் கொண்டவை ஏழு லட்சம், தீயை ஏழு லட்சம், காற்றை ஏழு லட்சம். தனி உடலுள்ள செடிகொடிகள் பத்து லட்சம். ஓருடலில் பல உயிர் சேர்ந்திருக்கும் கிழங்கு போன்றவை பதினான்கு லட்சம். இரண்டு புலன், மூன்று புலன், நான்கு புலன் உள்ளவை இரண்டிரண்டு லட்சம். தேவர் நான்கு, நரகத்தில் இருப்போர் நான்கு, ஐந்து புலனுள்ள விலங்குகள் நான்கு. மனிதர் பதினான்கு லட்சம். ஆக எண்பத்து நான்கு லட்சம் பிறப்புகள். இவற்றில் எதையாவது நான் கொன்றிருந்தால், கொல்லச் செய்திருந்தால், கொல்பவரை மெச்சியிருந்தால் அது பலனற்றுப் போகட்டும்.

வலது முழங்காலை உயர்த்தி உட்கார்ந்து சொல்லும் பாட்டும் ஒன்று உண்டு. 'எல்லா உயிர்களையும் நான் மன்னிக்கிறேன், எல்லா உயிர்களும் என்னை மன்னிக்கட்டும். எல்லோரிடமும் எனக்கு நட்பு, எவரிடமும் பகையில்லை.' கொடுப்பது முதலில், கேட்பது அப்புறம்.

அதற்குப்பின் காவுசக்கம். உடலைக் கைவிட்டு அசையாமல் நிற்பது. முடியாதவர்கள் உட்கார்ந்து செய்யலாம். இருபத்து நான்கு தீர்த்தங்கரர் துதியை நாற்பது முறை மனத்துக்குள் சொல்லி முடிக்கும்வரை பேசக்கூடாது, கையைத் தூக்கக்கூடாது. எறும்பு கடித்தாலும் அசைவதில்லை. யார் கூப்பிட்டாலும் பதில் சொல்வதில்லை.

மண்டிக்கு வர முடியாதவர்கள் வீட்டிலேயே தனியாகச் செய்வார்கள். பா, என் மாமியாரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம், அந்த வருஷம் எட்டு நாள் உபவாசம் எடுத்திருந்தார். பகலில் காய்ச்சி ஆறிய தண்ணீர் உண்டு. சூரியன் மறைந்தபின் அதுவும் இல்லை. 'எனக்காக யாரும் தங்கவேண்டாம், எல்லோரும் போங்கள்' என்று எங்களை அனுப்பிவைத்தார்.

முழங்காலைப் பனியில் காட்டாதீர்கள்.

உங்கள்,
விமலா


தேனி,
1.2.1975

அன்புள்ள விமலாவுக்கு,

நலம். உன் வீட்டுக்காரர் காலில் செருப்பில்லாமல் நடக்கக்கூடாது. சர்க்கரைக்காரர்களுக்குப் புண் ஆறுவது கடினம்.

விவரமாக எழுதியிருக்கிறாய். தமிழ் குறைசொல்லும்படி இல்லை. 'முகபத்தி' என்பதை விளக்கியது நன்று. தவறுகளைப் பெயர் சொல்கிறீர்கள் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நான் கேட்ட முதல் கேள்வி அப்படியே நிற்கிறது. எண்பத்து நான்கு லட்சத்துக்கும் பதில் வைத்திருக்கிற நீ, தேனிக்கு ஏன் வரவில்லை? தண்ணீரில் இருக்கும் உயிரிடம் மன்னிப்புக் கேட்கிறவளுக்குத் தாலியறுத்தவள் வீட்டுக்கு வரத் தெரியவில்லையா?

பதில் வரும்வரை எழுதமாட்டேன்.

ஞானபாக்கியம்


மட்டாஞ்சேரி,
6.4.1975

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெய் ஜினேந்திர. சுகமாக இருக்கிறீர்களா? இங்கே வெக்கை தாங்கவில்லை.

இரண்டு மாதமாக எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்கப் போவதில்லை.

அந்தச் சம்வத்சரி இரவு நாங்கள் வீடு திரும்பியபோது பவுனு போய்விட்டிருந்தாள். பா இருட்டில் அழுதுகொண்டிருந்தார். 'அந்தக் கிறிஸ்தவப் பெண் என் வாயைத் திறந்து பச்சைத் தண்ணீரை ஊற்றிவிட்டாள்' என்றார். பச்சைத் தண்ணீர் என்றால் காய்ச்சாதது. இவர் கையில் அந்தச் சிறு துடைப்பம் இன்னும் இருந்தது. அப்படியே நின்று, 'இனி அந்த வீட்டு வாசலை நம்மில் யாரும் மிதிக்கக்கூடாது' என்றார். மண்ணிடமும் காற்றிடமும் பகையில்லை என்று மூன்று மணி நேரம் சொல்லிவிட்டு வந்து, படியேறியதும் ஒரு பகையைச் சம்பாதித்தோம். நானும் வாயைத் திறக்கவில்லை.

தந்தி வந்தபோது வெள்ளைப் புடவையை உடுத்தியிருந்தேன். இவர் 'எங்கே?' என்றார். உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவுதான் காரணம், அக்கா. வேறு நல்ல காரணம் சொல்ல ஆசைதான்.

பா மறுநாள் நோன்பை முடிக்கவில்லை. ஒன்பதாம் நாளும் இருந்தார். பின்னர் எங்கள் பெண் துறவி ஒருவரிடம், ஒரு சாத்வியிடம், கேட்டோம். விரதம் எடுக்கும் வாசகத்திலேயே விலக்குகள் இருக்கின்றன, மறதியால் நடந்தால், எதிர்பாராமல் நடந்தால், முறிவில்லை என்றார். பா சமாதானமாகவில்லை.

அடுத்த சம்வத்சரி வந்தது. எங்களில் ஒரு விதி உண்டு. பதினைந்து நாளில் விடும் கோபம் தண்ணீரில் போட்ட கோடு. நான்கு மாதத்தில் விடுவது மணலில் போட்ட கோடு. வருஷத்துக்குள் விடுவது காய்ந்த மண்ணில் விழுந்த வெடிப்பு, மழை வந்தால் மூடும். சம்வத்சரியைத் தாண்டியும் நெஞ்சில் வைத்திருக்கும் கோபம் கல்லின் பிளவு. அது பிறவி பிறவியாகக் கூடவரும். பா அப்போது படுக்கையில். அன்று காலை மகனைக் கூப்பிட்டார். 'அவள் வற்புறுத்தவில்லை. நான்தான் தாகம் தாங்காமல் பாணி, பாணி என்று தண்ணீர் கேட்டேன். அவள் கொடுத்தாள். வெட்கத்தால் பொய் சொன்னேன். உன் கோபத்தை இன்றைக்கே விட்டுவிடு' என்றார். இவர் குழந்தை மாதிரி அழுதார். 'அவர்களுக்கு எழுதுகிறேன்' என்றார். குமாஸ்தாவிடம் உங்கள் முகவரியைக் கொடுத்தார். முதல் மஞ்சள் அட்டை அது. மன்னிப்புக் கேட்டாயிற்று என்று இவர் நினைத்தார். நானும் அப்படியே இருந்துவிட்டேன். அந்த மாதமே பா போய்விட்டார்.

உங்கள்மேல் பழி போட்டதற்கும், வராததற்கும், இத்தனை வருஷம் சொல்லாததற்கும் மன்னிப்புக் கேட்கிறேன்.

விமலா


தேனி,
12.4.1975

விமலாவுக்கு,

நலம்.

கடைசியில் உண்மை உன் மாமியார் வாயாலேயே வந்தது. சந்தோஷம். தண்ணீர் கொடுத்தவளைக் குற்றவாளி என்று ஒரு வீடு தீர்ப்பெழுதியிருக்கிறது. என்னை அழைத்து ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. கொலைகாரனைக்கூடக் கூண்டில் நிறுத்திக் கேட்பார்கள். என் வீட்டுக்காரர் சவம் கூடத்தில் கிடக்க, நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாராள் அத்தை, 'யாரைத்தேன் பாக்குற? வரவேண்டியவுக எல்லாம் வந்துட்டாக' என்றார்கள். வரவேண்டியவள் வெள்ளைப் புடவையோடு வீட்டில் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

பெயர் சொல்லிக் கேட்டுவிட்டாய். அது சரிதான். மன்னிப்பதா வேண்டாமா என்பது என்னைச் சேர்ந்தது. மன்னிக்கவில்லை.

ஞானபாக்கியம் சுந்தர்ராஜ்


மட்டாஞ்சேரி,
18.8.1975

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெய் ஜினேந்திர. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? இவர் காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். இப்போது வீட்டில் இருக்கிறார். எனக்கும் பார்வை மங்குகிறது.

அடுத்த மாதத் தொடக்கத்தில் பர்யூஷணம். சம்வத்சரி உங்கள் ஊர்ப் பிள்ளையார் சதுர்த்தியன்று வருகிறது. உங்கள் பெயரைக் குமாஸ்தாவின் முகவரிகளிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டேன். மஞ்சள் அட்டை வராது. அதற்குப் பதில் இந்தக் கடிதம்.

ஏப்ரலில் எழுதியதையே மறுபடி கேட்கிறேன். 'சரி' என்று எழுதும்படி இந்தத் தடவை சொல்லமாட்டேன். கேட்பதோடு என் வேலை முடிகிறது.

நீங்கள் நவம்பரில் எழுதிய கடிதம் என் அலமாரியில் பாவின் முகபத்தியோடு இருக்கிறது. ஏப்ரலில் உங்களுக்கு எழுதும் முன்பு அதைப் படித்தேன். பிறகும் பலமுறை படித்தேன். அதைப் பற்றி இவரிடம் சொல்லவில்லை. உங்களிடமும் ஒன்றும் கேட்கப்போவதில்லை.

உங்கள்,
விமலா


தேனி,
1.9.1975

என் அன்புள்ள விமலாவுக்கு,

உன் வீட்டுக்காரர் காலைப் பற்றிப் படித்து வருந்தினேன். அவருக்காக ஜெபிக்கிறேன். உன் கண்ணை மதுரைக்கு வந்து காட்டு. என் வீட்டில் தங்கலாம். தண்ணீர் காய்ச்சித் தருகிறேன்.

நவம்பரில் நான் எழுதியது என்ன என்று யோசித்தேன். பழக்கம் காரணமாக, எழுதும் கடிதங்களுக்கு நகல் வைப்பவள் நான். எடுத்துப் படிக்கவில்லை. படிக்க வேண்டியிருக்கவில்லை. உன் கடிதத்தை வாசித்த அன்றே என் இடது கைக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

உன் மாமியார் தண்ணீர் கேட்கவில்லை. பாணி என்றோ வேறு எதுவோ அவர்கள் சொல்லவில்லை. வாயை இறுக மூடினார்கள், நான் திறந்தேன். அவர்கள் முதலில் சொன்னதுதான் உண்மை. ஏப்ரலில் உன் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு நான் நிரபராதி என்று எழுதினேனே, அப்போதும் இது எனக்குத் தெரியாமலில்லை. தெரிந்ததை எட்டிப் பார்க்காமல் இருந்தேன். வக்கீல் மாதிரி எழுதினேன்.

அவர்கள் ஏன் பேசவில்லை, ஏன் என் கையைத் தட்டிவிடவில்லை என்பதற்கு நீ ஜனவரியிலேயே பதில் எழுதிவிட்டாய். எறும்பு கடித்தாலும் அசைவதில்லை என்றாய். நான் அதை வாசித்துவிட்டு உன் தமிழைப் பாராட்டினேன். பிதற்றல் என்று நான் நினைத்தது ஜெபம். தாகத்தால் மயங்கியிருக்கிறார்கள் என்று நினைத்த நேரத்தில் அவர்கள் தங்கள் தீர்த்தங்கரர்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். உயிர் திரும்புகிறது என்று நான் கர்த்தருக்கு நன்றி சொன்ன அந்தக் கண்ணீர் என்ன கண்ணீர் என்று இப்போது புரிகிறது. பவுனு சொன்னாள். அவள் பேச்சைக் கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை.

அதன் பிறகும் ஒரு மனுஷி தன் மகனுடைய நெஞ்சில் என்மேல் கோபம் கல்லாகிவிடக்கூடாது என்று, சாகும் தருவாயில், என் குற்றத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பொய் சொல்லக்கூடாதென்று விரதம் உள்ளவர்கள். எட்டு நாள் காப்பாற்றியதை நான் கெடுத்தேன். மீதியை அவர்களாகவே எனக்காகக் கெடுத்துக்கொண்டார்கள். உன் வீட்டுக்காரர் ஜயந்திலாலிடம் உண்மையைச் சொல்வதா என்பது உன் விருப்பம். நீ சொல்லாமல் இருப்பதன் காரணம் எனக்கு விளங்குகிறது. சொன்னால் அவர்கள் போட்டுக்கொண்ட பாரம் வீணாகும்.

உன்னை மன்னித்தேன். அது சின்ன விஷயம், ஏப்ரலிலேயே செய்திருக்கலாம். வேறொன்று கேட்கிறேன்.

நான் மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் இப்போது உயிரோடு இல்லை. எங்கள் வேதப்படி அவர்கள் கர்த்தருடைய கையில். உங்கள் மதப்படி வேறெங்கோ பிறந்திருப்பார்கள். எதுவாக, எங்கே என்று உங்களுக்கும் தெரியாது. எல்லா உயிரிடமும் மன்னிப்புக் கேட்பது யாரிடமும் கேட்காததற்குச் சமம் என்று நான் நினைத்திருந்தேன். கேட்க வேண்டிய ஆள் எங்கே என்று தெரியாதபோது எல்லோரிடமும்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

எனக்கு அந்த வரிசையைச் சொல்ல உரிமையில்லை. நீ சொல்லும்போது, எண்பத்து நான்கு லட்சத்தையும் ஒன்றும் விடாமல், நிதானமாகச் சொல். நடுவில் எங்கேயோ அவர்கள் இருப்பார்கள். 'ஞானபாக்கியம் உங்கள் தாடையைப் பிடித்தாள், அவள் கேட்கிறாள்' என்று சொல். ஏதாவது பதில் கிடைத்தால் எழுது.

உன்,
ஞானம்


மட்டாஞ்சேரி,
10.9.1975

அன்புள்ள ஞானம் அக்காவுக்கு,

ஜெய் ஜினேந்திர. இங்கே சுகம். உங்கள் கடிதம் கிடைத்த அன்றே எழுதியிருக்கலாம். நேற்றைய சம்வத்சரி முடியட்டும் என்றிருந்தேன்.

இந்த வருஷம் உயிர்களின் வரிசையைச் சொல்லும் முறை எனக்குக் கிடைக்கும்படி கேட்டு வாங்கினேன். உரக்கச் சொன்னேன். மண்ணில் ஆரம்பித்தேன். தண்ணீரின் ஏழு லட்சம் வந்தபோது கொஞ்சம் நின்றுவிட்டேன். தூங்கிவிட்டேன் என்று நினைத்துப் பின்னாலிருந்து ஒரு பெண் எடுத்துக்கொடுத்தாள். பிறகு எதையும் விடாமல் மனிதர்வரை வந்தேன். நீங்கள் சொன்ன வார்த்தைகளைத் துணிக்குப் பின்னால் மெதுவாக, தமிழிலேயே சொன்னேன். பாவுக்குத் தமிழ் அவ்வளவாக வராது. ஆனால் உங்கள் பெயர் தெரியும்.

முடிந்ததும் எல்லோரும் பக்கத்திலிருப்பவர் பக்கம் திரும்பிக் கை கூப்புவோம். பா போனபின் எனக்கு வலது பக்கம் ஒரு துண்டு இடம் விட்டு உட்காருவது என் வழக்கம். நேற்று அந்தப் பக்கம் திரும்பி உங்களுக்காக ஒரு தடவை, எனக்காக ஒரு தடவை குனிந்தேன்.

பதில் கிடைத்தால் எழுதச் சொன்னீர்கள். கிடைக்கவில்லை, அக்கா. யாருக்கும் கிடைப்பதில்லை. கேட்டுவிட்டு, கம்பளித் துண்டை உதறி மடித்து எடுத்துக்கொண்டு இருட்டில் வீட்டுக்கு நடந்து வருவோம். எத்தனையோ வருஷமாக நானும் வருகிறேன்.

இவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. 'தேனிக்கு அட்டை போயிற்றா?' என்று கேட்டார். போயிற்று என்றேன்.

இன்று விடிந்து நோன்பு முடித்தேன். காய்ச்சி ஆறிய தண்ணீர்தான் முதலில். நோன்புக் களைப்பில் தம்ளரை நானே தூக்க முடியவில்லை. மருமகள் வந்து தாடையைப் பிடித்து ஊற்றினாள். அப்போது உங்களை நினைத்துக்கொண்டேன். குடித்தேன்.

உங்கள்,
விமலா